பக்கெட் சார்ட்டின் O(n) எங்கே நிற்கிறது: புதுச்சேரி மழைக் கணக்கை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: புதுச்சேரியில் எம்.சி.ஏ. படிக்கிறேன் சார். புராஜெக்டுக்காக 30 வருடத் தினசரி மழை அளவுகளை எடுத்து, அதிலேயே பெரிய அளவால் வகுத்து 0–1க்குள் கொண்டுவந்து பக்கெட் சார்ட் போட்டேன். n எண்ணுக்கு n பக்கெட். `random.random()` தரும் எண்களுக்கு உடனே முடிந்துவிடுகிறது. மழை எண்களுக்குச் சில நொடிகள் ஆகிறது. 15 வருட டேட்டாவை 30 வருடம் ஆக்கினால் நேரம் நாலு மடங்கு. பாடத்தில் O(n) என்றுதானே இருக்கிறது? தப்பு கோடிலா, டேட்டாவிலா? உள்ளே இருக்கும் இன்சர்ஷன் சார்ட் வரி: `while j >= 0 and b[j] >= x`

பதில்:

இரண்டிலும்தான். அந்த வரியில் `b[j] >= x` என்பதை `b[j] > x` என்று மாற்றுங்கள். உங்கள் மழை டேட்டாவில் அந்தச் சில நொடிகள் காணாமல் போய்விடும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு எழுத்து உங்களைக் காப்பாற்றுவதற்குக் காரணம் இந்த டேட்டாவின் ஒரு தனிக்குணம். அந்தக் குணம் இல்லாத டேட்டா வந்தால் அதே மெதுவு திரும்ப வரும். அதனால் O(n) எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பக்கெட் சார்ட்டில் மூன்று வேலை இருக்கிறது. ஒவ்வொரு எண்ணையும் அதன் பக்கெட்டில் போடுவது, ஒவ்வொரு பக்கெட்டையும் உள்ளுக்குள் வரிசைப்படுத்துவது, பக்கெட்டுகளை முதலிலிருந்து கடைசிவரை ஒட்டுவது. முதலும் கடைசியும் எந்த டேட்டாவானாலும் n அளவு வேலைதான். பிரச்சினை முழுக்க நடுவில் இருக்கிறது.

நடுவில் நடப்பது இன்சர்ஷன் சார்ட். அது ஒரே பக்கெட்டில் இருக்கும் இரண்டு எண்களைத்தான் ஒப்பிடும், ஒரு ஜோடியை ஒரு தடவைக்கு மேல் ஒப்பிடாது. எனவே “ஒரே பக்கெட்டில் விழுந்த ஜோடிகள் எத்தனை?” என்று எண்ணினால் போதும், வேலை அதிகபட்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எண்கள் 0க்கும் 1க்கும் நடுவில் சீராகப் பரவியிருக்கின்றன, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடியில் முதல் எண் எந்தப் பக்கெட்டில் வேண்டுமானாலும் விழட்டும். இரண்டாவது அதே பக்கெட்டில் விழும் நிகழ்தகவு 1/n. மொத்த ஜோடிகள் n(n−1)/2. இரண்டையும் பெருக்கினால் (n−1)/2. பத்தாயிரம் எண் இருந்தால், ஒரே பக்கெட்டில் மாட்டும் ஜோடிகள் சராசரியாக ஐயாயிரம். அதாவது எண்ணுக்கு அரை ஒப்பீடு. O(n) என்று பாடத்தில் சொல்வது இதைத்தான்.

பாடப்புத்தகங்களில் 2 − 1/n என்று ஒரு விடை வருமே, அதுவும் இதே கணக்குதான். ஒரு பக்கெட்டில் c எண்கள் இருந்தால், c² என்பது c-யும் அந்தப் பக்கெட்டின் ஜோடிகளைப் போல இரண்டு மடங்கும் சேர்ந்தது. எல்லாப் பக்கெட்டுக்கும் கூட்டினால் n + (n−1), அதாவது 2n−1. ஒரு பக்கெட்டுக்குப் பங்கு பிரித்தால் 2 − 1/n. ஜோடியாக எண்ணும் வழியில் ஒரு நன்மை உண்டு: பரவல் பற்றிய அனுமானம் எந்த இடத்தில் நுழைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். “இரண்டாவது எண் அதே பக்கெட்டில் விழும் நிகழ்தகவு 1/n” என்ற அந்த ஒரு வரியில்தான் அது இருக்கிறது.

பரவல் சீராக இல்லை என்றால் அந்த 1/n-க்குப் பதில் வேறொரு எண் வரும். அதை q என்போம். i-ஆவது பக்கெட்டில் ஒரு எண் விழும் நிகழ்தகவு p_i என்றால், q என்பது எல்லா p_i²-களின் கூட்டுத்தொகை. n வளர வளர q-வும் 1/n வேகத்தில் சுருங்கினால் நேரம் n அளவில் நிற்கும். q சுருங்காமல் நின்றுவிட்டால் நேரம் n² வரை போகலாம்.

இப்போது உங்கள் மழைக்கு வருவோம். நம் கரையில் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. வருடத்தின் பெரும்பாலான நாட்களுக்கு ரெஜிஸ்டரில் 0.0தான். கணக்கு எளிதாக இருக்க 10,000 நாட்கள், அதில் 8,000 நாள் மழையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஏதோ இரண்டு நாளை எடுத்தால் இரண்டும் மழையில்லாத நாளாக இருக்கும் வாய்ப்பு 0.8 × 0.8 = 0.64. எனவே q குறைந்தது 0.64, சீரான பரவலில் அது 0.0001ஆக இருந்திருக்கும். சுழிக்குச் சுழி ஜோடிகள் மட்டும் 8000 × 7999 / 2, ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம். n இரட்டித்தாலும் 0.64 அப்படியே இருக்கும், ஜோடிகள் நாலு மடங்காகும். நீங்கள் பார்த்த நாலு மடங்கு இதுதான்.

பக்கெட்டுகளை அதிகமாக்கினால் சரியாகுமா என்று கேட்கத் தோன்றும். ஆகாது. ஒரே மதிப்புள்ள 8,000 எண்கள், பக்கெட்டுகளை எத்தனையாக நறுக்கினாலும் ஒன்றில்தான் விழும்.

டேட்டாவைக் கலைத்துப் போட்டால்? அதுவும் உதவாது, இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குவிக்சார்ட்டில் பிவட்டை ரேண்டமாக எடுத்தால், “சராசரி” என்பது நிரல் தானே போடும் காசு சுண்டலைப் பற்றியது. மதிப்புகள் வெவ்வேறாக இருந்தால், எந்த வரிசையில் வந்த டேட்டாவுக்கும் அது பொருந்தும். பக்கெட் சார்ட்டில் நிரல் காசு எதையும் சுண்டுவதில்லை. சராசரி என்பது டேட்டா எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிய அனுமானம். கலைத்தால் எண்களின் வரிசை மாறுமே ஒழிய மதிப்பு மாறாது. மதிப்பு மாறாவிட்டால் எந்தப் பக்கெட்டில் எத்தனை என்பதும் மாறாது.

இனி அந்த `>=`. பத்து நாளை மட்டும் எடுத்துக் கையால் செய்து பார்ப்போம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், மி.மீ.-இல்:

0, 0, 2.4, 0, 11.6, 0, 0, 38.0, 0, 96.0

96-ஆல் வகுத்தால் 2.4 என்பது 0.025 ஆகும், 11.6 ஏறக்குறைய 0.121, 38.0 ஏறக்குறைய 0.396, 96.0 சரியாக 1. பத்துப் பக்கெட்டில் போட்டால் 0-ஆவது பக்கெட்டில் ஆறு சுழிகளும் அந்த 0.025-உம் சேர்ந்து ஏழு. 1-ஆவதில் ஒன்று, 3-ஆவதில் ஒன்று, கடைசிப் பக்கெட்டில் ஒன்று. மற்ற ஆறும் காலி.

0-ஆவது பக்கெட்டில் வந்த வரிசை: 0, 0, 2.4, 0, 0, 0, 0. (மி.மீ.-ஆகவே எழுதுகிறேன், பார்க்க எளிது.) `>` என்று எழுதியிருந்தால் முதல் மூன்றும் அசையாது. நான்காவதாக வரும் சுழி 2.4-ஐத் தாண்டி, தனக்கு முன்னால் இன்னொரு சுழி இருப்பதைப் பார்த்து நின்றுவிடும். அது ஒரு நகர்வு. அடுத்து வரும் மூன்று சுழிகளும் அதேபோல் ஒவ்வொன்றும் 2.4-ஐ மட்டும் தாண்டும். மொத்தம் 4 நகர்வு. `>=` என்று எழுதினால், சுழி தனக்குச் சமமான சுழிகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டிப் பக்கெட்டின் ஆரம்பம் வரை ஓடும். இரண்டாவது சுழிக்கு 1 நகர்வு, 2.4-க்கு ஒன்றுமில்லை, பிறகு வரும் நான்கு சுழிகளுக்கு 3, 4, 5, 6. மொத்தம் 19. ஏழு எண்ணுக்கு அதிகபட்சமே 21தான். ஓடியும் பயனில்லை; சமமான எண்களின் வந்த வரிசைதான் தலைகீழாகும். எண்ணோடு தேதியும் சேர்ந்து வந்தால் அது தனிப் பிழை.

பத்தாயிரம் எண்ணில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். புதுச்சேரி டேட்டாவில் பெரிய மதிப்பு என்ன? ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, 2024 நவம்பர் 30-க்கும் டிசம்பர் 1-க்கும் இடையே 24 மணி நேரத்தில், புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. டேட்டாவில் அந்த நாள் இருந்தால் வகுக்கும் எண் ஏறக்குறைய 460 மி.மீ. என்று கொள்ளலாம். 10,000 பக்கெட்டுக்குப் பங்கிட்டால் ஒரு பக்கெட்டின் அகலம் 0.046 மி.மீ. மழையைப் பதிவதோ 0.1 மி.மீ. துல்லியத்தில். எனவே வெவ்வேறு மதிப்புகள் இரண்டு ஒரே பக்கெட்டில் விழவே முடியாது. 0-ஆவது பக்கெட்டில் சுத்தமாகச் சுழிகள் மட்டுமே இருக்கும். `>` போட்டால் அங்கே நகர்வே கிடையாது, சுழிக்கு ஒரு ஒப்பீட்டோடு முடிந்துவிடும். `>=` போட்டால் அந்த 3 கோடியே 20 லட்சம் நகர்வும் நடக்கும். உங்கள் டேட்டாவின் தனிக்குணம் என்று முதலில் சொன்னது இதைத்தான்: கூட்டம் சேரும் இடத்தில் எல்லாரும் ஒரே மதிப்பு.

இந்த மாதிரி டேட்டாவுக்கு, என் கருத்தில், பக்கெட் சார்ட்டே வேண்டியதில்லை. 0.1 மி.மீ. துல்லியத்தில் 0 முதல் 460 வரை மொத்தம் 4,601 மதிப்புகள்தான் சாத்தியம். பத்தால் பெருக்கி முழு எண்ணாக்கி, கவுண்டிங் சார்ட் போட்டால் பரவலைப் பற்றிய அனுமானமே இல்லாமல் வேலை முடியும். வகுத்து 0–1க்குள் கொண்டுவந்ததில் நீங்கள் பெற்றது ஒன்றுமில்லை.

புராஜெக்டில் பக்கெட் சார்ட்தான் வேண்டும் என்றால், சுழிகளை முதலில் எண்ணித் தனியே வைத்துவிட்டு, மழை பெய்த நாட்களை மட்டும் வரிசைப்படுத்துங்கள். ஆனால் அந்த மிச்சமும் சீராகப் பரவியதல்லவே? தூறல் நாட்கள் நிறைய, பெருமழை நாட்கள் கொஞ்சம். இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது: O(n) கிடைக்கப் பரவல் சரியாகச் சீராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடர்த்தி சார்பு f என்றால், f²-இன் தொகையீடு முடிவுள்ள எண்ணாக இருந்தாலே போதும். அந்தத் தொகையீட்டை K என்றால், பக்கெட் அளவுகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை சராசரியாக n + nK-ஐத் தாண்டாது. சீரான பரவலுக்கு K = 1.

உதாரணமாக மழைநாளின் சராசரி 12 மி.மீ., அளவுகள் எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் விழுகின்றன, துல்லியம் கட்டுப்பாடில்லாமல் தசமங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பல நிலையங்களின் அளவை எடையிட்டுச் சராசரி எடுத்தால் அப்படிப்பட்ட தசமங்கள்தான் வரும். 460-ஆல் வகுத்தால் K ஏறக்குறைய 460 / (2 × 12), அதாவது 19. ஒரே பக்கெட் ஜோடிகள் எண்ணுக்கு 9.5, அதில் பாதிதான் தலைகீழாக இருக்கும் என்பதால் எண்ணுக்கு ஏறக்குறைய 5 நகர்வு. சீரான பரவலில் இது கால் நகர்வு. 19 மடங்கு வேலை, ஆனாலும் n-க்கு நேர்விகிதம்தான். இந்த 19 எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள்: 460-இலிருந்து. ஒரே ஒரு புயல் நாள் அளவுகோலை நீட்டி, மற்ற எல்லா நாட்களையும் இடது ஓரத்துக்கு நெருக்கிவிட்டது. அந்த நாள் இல்லாமல் பெரிய அளவு 230 மி.மீ. என்றால் K பாதியாகிவிடும்.

K முடிவிலியாகும் பரவல்களும் உண்டு. `random.random()**4` என்று எடுத்துப் பாருங்கள். இதில் சமமான மதிப்புகள் இருக்காது, ஆனால் 0-க்கு அருகே கடுமையாகக் குவியும். n பக்கெட்டில் முதலாவதில் விழும் பங்கு 1/n-இன் நான்காம் மூலம். n = 10,000 என்றால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 எண்கள் ஒரே பக்கெட்டில். எல்லாம் வெவ்வேறு மதிப்பு, கலைந்த வரிசையில். இங்கே `>` உங்களைக் காப்பாற்றாது. நேரம் n√n வேகத்தில் வளரும்.

எந்த வகை டேட்டா கையில் இருக்கிறது என்று வரிசைப்படுத்தும் முன்பே பார்த்துவிடலாம். ஒரே ஓட்டம்தான்:

```python
from collections import Counter

def load(a):
    n = len(a)
    c = Counter(min(int(n * x), n - 1) for x in a)
    return sum(k * k for k in c.values()) / n
```

சீரான பரவலுக்கு இது 2-ஐ ஒட்டி நிற்கும். மேலே கையால் செய்த பத்து நாளுக்கு 49 + 1 + 1 + 1 = 52, பத்தால் வகுத்தால் 5.2. எக்ஸ்பொனென்ஷியல் மழைநாளுக்கு 20 வாக்கில். நான்காம் அடுக்குக்கு, n = 10,000-இல் 100-க்குச் சற்று மேல். 8,000 சுழியோடு உங்கள் முழு டேட்டாவுக்கு 6,400-ஐத் தாண்டும்.

ஒரு தடவை வந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். டேட்டாவில் ஒரு பகுதிக்கும் முழுமைக்கும் போட்டு ஒப்பிடுங்கள். n வளர்ந்தும் 20, 20-ஆகவே நின்றால் நேரம் O(n), மாறிலிதான் பெரிது. நான்காம் அடுக்கில் n-ஐ 16 மடங்காக்கினால் இந்த எண் ஏறக்குறைய 4 மடங்காகும். சுழிகள் கலந்த மழையில் n இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். எண் வளர்கிறது என்றாலே அனுமானம் அந்த டேட்டாவுக்குப் பொருந்தவில்லை.

பொருந்தாதபோது இரண்டு வழி. முதலாவது மிக எளிது: பக்கெட்டுக்குள் இன்சர்ஷன் சார்ட்டுக்குப் பதில் O(n log n) உத்தரவாதமுள்ள ஒன்றைப் போடுவது.

```python
def bucket_sort(a):
    n = len(a)
    B = [[] for _ in range(n)]
    for x in a:
        B[min(int(n * x), n - 1)].append(x)
    out = []
    for b in B:
        b.sort()
        out.extend(b)
    return out
```

சீரான பரவலில் O(n) அப்படியே இருக்கும். எல்லா எண்ணும் ஒரே பக்கெட்டில் விழுந்தாலும் n log n-ஐத் தாண்டாது. பைத்தானின் `sort()` ஏற்கெனவே வரிசையாக இருப்பதை ஒரே ஓட்டத்தில் கண்டுகொள்ளும், எனவே சுழிகள் மட்டும் நிறைந்த பக்கெட்டுக்கு அதுவும் ஆகாது. “இன்சர்ஷன் சார்ட்தான் போட வேண்டும்” என்று வைவாவில் கேட்டால் தவிர, நான் இதைத்தான் போடச் சொல்வேன்.

இரண்டாவது வழி, பக்கெட் எண்ணைக் கண்டுபிடிக்க x-ஐ நேராக எடுக்காமல், பரவலைச் சமப்படுத்தும் ஏறுமுகச் சார்பு ஒன்றின் வழியாக எடுப்பது. பரவலின் திரள் சார்பையே எடுத்தால் விளைவு சரியாகச் சீராகும். நான்காம் அடுக்குக்கு நான்காம் மூலம். சராசரி m உள்ள எக்ஸ்பொனென்ஷியலுக்கு `1 - math.exp(-x / m)`. இதில் x மி.மீ.-ஆகவே இருக்கலாம், பெரிய அளவால் வகுக்கத் தேவையில்லை. புயல் நாள் அளவுகோலை நீட்டும் தொல்லையும் போய்விடும். பக்கெட்டுக்குள் மட்டும் மாற்றிய மதிப்பைப் போடாமல் x-ஐயே போடுங்கள்.

அப்படிப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு, `min(..., n - 1)` எழுதியதற்கும் அதுவே காரணம். பெரிய அளவால் வகுத்தால் அந்தப் பெரிய எண் சரியாக 1.0 ஆகும், `int(n * 1.0)` என்பது n, பக்கெட்டுகளோ 0 முதல் n−1 வரைதான், `IndexError` வரும். எக்ஸ்பொனென்ஷியல் சார்பு 1-ஐத் தொடாது என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் 460 / 12 என்பது 38.3, `math.exp(-38.3)` 10¹⁷-இல் இரண்டு மூன்று பங்கு அளவுதான், அதை 1-இலிருந்து கழித்தால் டபுள் துல்லியத்தில் விடை 1.0-ஆகவே வட்டமிடப்படும். 450 மி.மீ. பெய்த இன்னொரு நாள் இருந்தால் அதற்கும் அதே 1.0. `min` இருப்பதால் இரண்டும் கடைசிப் பக்கெட்டில் உட்காரும், உள்ளே x அப்படியே இருப்பதால் 450 முன்னும் 460 பின்னும் சரியாக வரும்.